பென் டிரைவோடு போன கடிதம்

ஏற்காட்டில் காபித்தூள் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு அட்டைப்பெட்டி வடிவமைத்துக் கொடுக்கிறேன். பெட்டிகள் அச்சாவது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். கோப்புகள் எல்லாம் சேர்ந்தால் ஐந்நூறு மெகாபைட்டைத் தாண்டும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் இணையமும் கைகோத்துக்கொண்டு போய்விடும். அதனால் பென் டிரைவில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நானே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். போக முடியாத நாட்களில், காபி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியில் பென் டிரைவ் மட்டும் தனியாகப் போகும். அதைக் கணினியில் செருகுகிறவர் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். கோப்பின் பெயரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்குத் தெரியும்.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எனக்குக் காரணம் இருக்கிறது. முன்பு வேறோர் அச்சகத்தில் இதே வியாபாரியின் அரைக்கிலோ பெட்டி ஆயிரத்து ஐந்நூறு வீணாகப் போனது. அதற்கு முன்பு வரை அவர் விற்றது எழுபது பங்கு காபி, முப்பது பங்கு சிக்கரி. அதை அறுபதுக்கு நாற்பது என்று மாற்றினார். சிக்கரி கலந்த காபித்தூள் என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டாக வேண்டும், அது சட்டம். நான் எண்ணை மாற்றிப் புதிய கோப்பைக் கொடுத்தேன். ஆனால் அச்சாகி வந்த பெட்டியில் சிக்கரி 30% என்றே இருந்தது. உள்ளே நாற்பது, வெளியே முப்பது என்று ஒரு பெட்டியைக்கூட விற்க முடியாது. அத்தனையும் பழைய காகிதக் கடைக்குப் போயிற்று.

அந்தப் பென் டிரைவில் நான் கொடுத்திருந்த பெயர்கள் இவை:

```
500 final.pdf
500 final new.pdf
500 final new (2).pdf
```

அச்சு இயந்திரத்தில் மாட்டும் பிளேட் என்ற தகட்டை எடுப்பவர் இந்த மூன்றையும் பார்த்துக் குழம்பி, தேதி வரிசையில் அடுக்கி, மேலே வந்ததை எடுத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நடந்தது என்னவென்றால், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் முந்தின நாள் இரவு பழைய கோப்பைத் திறந்திருந்தேன். மூடும்போது பழக்கதோஷத்தில் சேமித்தும்விட்டேன். உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை; தேதி மட்டும் மாறிவிட்டது. பழைய கோப்பு புதியதாகி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்கு மாறியபோது, அதை நடத்தும் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, பிளேட் எடுக்கும் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நாள் காலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று விஷயங்கள் புரிந்தன. முதலாவது, கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் பெயரின் முதல் இருபது எழுத்துக்கு மேல் தெரிவதில்லை. மிச்சம் புள்ளி புள்ளியாக மறைந்துவிடுகிறது. ஆகவே வேறுபாடு என்னவோ அது பெயரின் முன்பக்கத்திலேயே வர வேண்டும். இரண்டாவது, ஆசைப்பட்டுத் தமிழில் பெயரிட்டு ஒரு கோப்பைக் கொண்டுபோயிருந்தேன். என் கணினியில் அழகாகத் தெரிந்த பெயர் அங்கே வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. வருத்தம்தான், ஆனால் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று ஏற்றுக்கொண்டேன். மூன்றாவதுதான் முக்கியம்: கோப்புகள் நான் வைத்த கோப்புறையில் இருப்பதில்லை. பென் டிரைவிலிருந்து கணினிக்கு, அங்கிருந்து பிளேட் வரிசைக்கு, இன்னொன்று பெட்டியை வெட்டவும் மடிக்கவும் பயன்படும் டை செய்பவரின் கைக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து போகிறது. உறையின் மேல் எழுதியது உறையோடு நின்றுவிடும். ஒவ்வொரு கோப்பும் தான் யார் என்பதைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இவற்றை வைத்துப் பெயர்முறை ஒன்றை வகுத்து, மூன்றாம் முறை பென் டிரைவ் அனுப்பியபோது கூடவே ஒரு கடிதமும் எழுதி வைத்தேன். கடிதம் கீழே அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு முறை நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை போக முடியவில்லை. அதோடு அப்போது நிலைமையும் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. இரண்டாம் செட்டை வைத்துப் பிளேட் எடுத்து முடித்த பிறகுதான் ஒரு பெட்டியில் பிழை இருப்பது என் கண்ணில் பட்டது.

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். காபிப் பெட்டிக் கோப்புகள் இந்தப் பென் டிரைவில் இருக்கின்றன. நேற்று தொலைபேசியில் சொன்னதுபோல, அரைக்கிலோ அறுபது-நாற்பது பெட்டியில் முகவரியின் பின்கோடு தவறாக விழுந்துவிட்டது. ஏற்காட்டுக்கு 636601 என்று இருக்க வேண்டியது 636061 என்று இருந்தது. தவறு என்னுடையது. அதைத் திருத்தி மொத்தச் செட்டையும் மறுபடி அனுப்புகிறேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று உங்களுக்கும் பிளேட் எடுக்கும் தம்பிக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பென் டிரைவைத் திறந்தால் ஒரே ஓர் உறை இருக்கும். அதற்குள் மொத்தம் பத்துக் கோப்புகள்.

```
YKC_S3
  00_YKC_S3_PADIKKAVUM.pdf
  1_PRINT
    YKC_S3_200G_6040_PRINT.pdf
    YKC_S3_200G_8020_PRINT.pdf
    YKC_S3_500G_6040_PRINT.pdf
    YKC_S3_500G_8020_PRINT.pdf
  2_DIE
    YKC_S3_200G_DIE.pdf
    YKC_S3_500G_DIE.pdf
  3_UV
    YKC_S3_200G_UV.pdf
    YKC_S3_500G_UV.pdf
  4_PAARVAI
    YKC_S3_PAARVAI.jpg
```

பத்துக்கு மேல் ஏதாவது தெரிந்தால், குறிப்பாக மூலையில் வளைந்த அம்புக்குறியோடு ஒன்றிரண்டு கேபியில் ஒரு குறுக்குவழி தெரிந்தால், அதைத் திறக்க வேண்டாம். அது நான் வைத்ததல்ல. வழியில் ஏதோ ஒரு கணினியிலிருந்து ஒட்டிக்கொண்ட வைரஸாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேறு பென் டிரைவ் அனுப்புகிறேன்.

இனி பெயரை இடமிருந்து வலமாகப் படித்துச் சொல்கிறேன். YKC என்பது வியாபாரிக்கு நாம் வைத்திருக்கும் மூன்றெழுத்து. உங்கள் கணினியில் பலருடைய வேலைகளும் ஒன்றாகக் கிடப்பதால் அது முதலில் வருகிறது. இடத்தை அடைக்கக் கூடாது என்பதால் மூன்றே எழுத்து. அடுத்து S3. இது மூன்றாம் செட். அடுத்தது எடை: இருநூறு கிராமா, ஐந்நூறு கிராமா என்பது. அதற்கடுத்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு காபி, பின் இரண்டு சிக்கரி. 6040 என்றால் காபி அறுபது, சிக்கரி நாற்பது. எப்போதும் காபிதான் முதலில் வரும். கடைசிச் சொல், அந்தக் கோப்பு எந்த வேலைக்கு என்பதைச் சொல்கிறது.

டை கோப்பிலும் யுவி கோப்பிலும் கலவை எண் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். விடுபட்டதல்ல. இருநூறு கிராம் என்றால் எந்தக் கலவையானாலும் பெட்டியின் வடிவம் ஒன்றுதான், பளபளப்புப் பூச்சு வரும் இடமும் ஒன்றுதான். ஒரே டையும் ஒரே யுவி பிளேட்டும் இரண்டுக்கும் பொருந்தும். பெயரில் எண் இல்லை என்றால் அது பொது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

S3 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எண் கொடுத்துப் பார்த்தேன். திருத்தியது மூன்று, திருத்தாதது இரண்டு என்று இருந்தது. அப்போது நீங்களே கேட்டீர்கள்: "ஒன்று மூன்று என்கிறது, மற்றவை இரண்டு என்கின்றன. மற்றவற்றின் மூன்று எங்கே, வழியில் தொலைந்துவிட்டதா?" நியாயமான கேள்வி. அதனால் இப்போது ஒரு பென் டிரைவில் போகும் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே எண். உள்ளே மாறினாலும் மாறாவிட்டாலும் எண் ஏறும். பத்திலும் S3 என்று இருந்தால் செட் முழுமையாக வந்திருக்கிறது. ஒன்றில் S2 என்று இருந்தால் அது பழையது தவறிக் கலந்தது.

இதில் ஒரு தொல்லை உண்டு. எண் ஏறியதைப் பார்த்து எல்லாவற்றுக்கும் புதிதாகப் பிளேட் எடுத்துவிடலாம். நான்கு பெட்டிக்கு நான்கு நிறம் என்று பதினாறு பிளேட் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவும் வீணாகும். அதைத் தடுக்கத்தான் 00 என்று தொடங்கும் முதல் கோப்பு. ஒரே பக்கம். தயவுசெய்து அதை அச்சிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதில் மற்ற ஒன்பது கோப்புகளின் பெயருக்கும் நேராக "மாறவில்லை" அல்லது "மாறியது" என்றும், மாறியிருந்தால் எந்தப் பிளேட் என்றும் எழுதியிருக்கிறேன். இம்முறை எட்டு வரியில் "மாறவில்லை" என்றுதான் இருக்கும். மாறியது ஒன்றே ஒன்று:

```
YKC_S3_500G_6040_PRINT.pdf    மாறியது: K மட்டும்
```

அதாவது அந்தப் பெட்டியின் கறுப்புப் பிளேட் ஒன்றை மட்டும் புதிதாக எடுத்தால் போதும். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் நீங்கள் S2-இல் எடுத்தவையே.

இதை நான் எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். முகவரி எழுத்துகள் பழுப்புப் பட்டையின் மேல் வருகின்றன. எழுத்தின் அடியில் பட்டையை வெட்டியெடுத்துவிட்டு எழுத்தை அந்தக் குழிக்குள் வைப்பது ஒரு வழி. அப்படிச் செய்திருந்தால் மற்ற மூன்று பிளேட்டிலும் பழைய எண்ணின் வடிவத்தில் ஓட்டை விழுந்திருக்கும். புதிய எண்ணை மேலே அடித்தால் பழைய எண் வெள்ளையாகப் பின்னால் எட்டிப் பார்க்கும். நான் அப்படிச் செய்யவில்லை. சிறு எழுத்து எல்லாவற்றையும் நூறு சதவீதம் தனிக் கறுப்பில் வைத்து, அடியில் பட்டை முழுதாக ஓடும்படி ஓவர்பிரின்ட் கொடுத்திருக்கிறேன். விலை, முகவரி, கலவை விவரம் போன்றவை அடிக்கடி மாறக்கூடியவை என்பதால் தொடக்கத்திலேயே இப்படி வைத்தேன்.

என் பேச்சை நம்பி மட்டும் பிளேட் எடுக்க வேண்டாம். தம்பியை அக்ரோபாட்டில் கோப்பைத் திறந்து `Output Preview` சாளரத்தில் கறுப்பை மட்டும் அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகவரி இருந்த இடத்தில் பழுப்புப் பட்டை எந்த வடுவும் இல்லாமல் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். எழுத்து வடிவத்தில் வெள்ளை ஏதாவது தெரிந்தால் நான் எங்கோ தவறியிருக்கிறேன் என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். உங்கள் ரிப் மென்பொருளிலும் ஓவர்பிரின்ட்டை மதிக்கும் அமைப்பு அணைந்திருக்கக் கூடாது. S2 பிளேட் எடுத்தபோது அது சரியாக இருந்தது என்று தம்பி சொன்னார். அதே அமைப்பில்தான் இதையும் எடுக்க வேண்டும். தாளில் பெட்டியை வைத்த இடமும் S2-இல் வைத்த இடமாகவே இருக்க வேண்டும். புதிதாக அடுக்காமல் பழைய அடுக்கில் கோப்பை மட்டும் மாற்றுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மற்ற மூன்று பிளேட்டோடு கறுப்பு சேராது.

யுவி கோப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திறந்தால் பெரிய வெள்ளைப் பக்கத்தின் நடுவில் கறுப்பாகக் காபிச் செடியின் கிளை மட்டும் தெரியும். கறுப்பு மைக்கான பிளேட் என்று எண்ணிவிடலாம். அது மை அல்ல; பளபளப்பு எங்கே வர வேண்டும் என்று காட்டும் அடையாளம் மட்டும். பக்கத்தின் ஓரத்தில், வெட்டும் கோட்டுக்கு வெளியே, "யுவி மட்டும், மை அல்ல" என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். சுற்றிலும் இருக்கும் வெள்ளை இடத்தைத் தேவையில்லை என்று வெட்டிவிடாதீர்கள். பக்க அளவு அச்சுக் கோப்பின் அளவேதான். இருநூறு கிராம் பெட்டி விரித்த நிலையில் 295க்கு 300 மில்லிமீட்டர், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் சேர்த்து 301க்கு 306. இரண்டு கோப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கிளை கிளையின் மேலேயே விழும். வெள்ளையை வெட்டிவிட்டால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

அச்சுக் கோப்பில் டை கோடு எங்கும் இல்லை. வெட்டும் கோடும் மடிக்கும் கோடும் டை கோப்பில் மட்டும்தான். கோடு அச்சில் விழுந்துவிடுமோ என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. டை செய்பவருக்கு அந்தக் கோப்பை மட்டும் கொடுத்தால் போதும்; பெயரை மாற்றாமல் கொடுங்கள். இம்முறை டை மாறவில்லை, முன்பு செய்ததே போதும்.

பார்வை என்ற உறையில் இருக்கும் படம் நான்கு பெட்டியும் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு மட்டும். தெளிவு குறைவு. அதை யாரும் அச்சுக்கு எடுத்துவிடக் கூடாது என்பதால் குறுக்கே பெரிதாக "அச்சுக்கு அல்ல" என்று போட்டிருக்கிறேன். பெட்டியின் பட்டை நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்: எண்பது-இருபது பச்சை, அறுபது-நாற்பது பழுப்பு. பிளேட் எடுத்து அச்சான முதல் தாளில் பட்டை பழுப்பாக இருந்து, கலவை விவரத்தில் சிக்கரி 40% என்றும், முகவரியில் 636601 என்றும் இருந்தால் சரியான கோப்புதான்.

எழுத்துரு எதுவும் அனுப்பவில்லை. எல்லா எழுத்தையும் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிட்டேன். கோரல் கோப்பும் வைக்கவில்லை. அதைத் திறந்து ஒரு சிறு திருத்தம் செய்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றக் கூடாது என்பதுதான் காரணம். திருத்தம் எதுவானாலும் என்னிடம் வரட்டும். எண் ஏறி S4 ஆகத் திரும்பி வரும்.

தேதியைப் பார்த்து எந்தக் கோப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு கோப்பைத் திறந்து சேமித்தாலே தேதி மாறிவிடும். பெயரில் இருக்கும் S எண் ஒன்றை மட்டும் நம்புங்கள்.

கணினிக்கு நகலெடுத்த பிறகு, ஒவ்வொரு கோப்பின் அளவும் 00 பக்கத்தில் நான் எழுதியிருக்கும் பைட் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற நகலை அது காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கணினியில் இருக்கும் YKC_S2 உறையை அழித்துவிட வேண்டாம். பதினைந்து பிளேட் அதிலிருந்து வந்தவை. PAZHAYADHU என்று ஓர் உறை போட்டு அதற்குள் நகர்த்திவிடுங்கள்.

பென் டிரைவை வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் எதுவானாலும் அழையுங்கள்; சிக்னல் கிடைக்காவிட்டால் நான் பஸ் நிலையம் பக்கம் வந்து திரும்ப அழைக்கிறேன்.

அன்புடன், உங்கள் தங்கை.

கடிதம் இவ்வளவுதான். மறுநாள் பதினொரு மணிக்கு அண்ணன் அழைத்தார். "அம்மணி, கறுப்பை அணைத்துப் பார்த்தோம். பட்டையில் ஒரு கீறலும் இல்லை. ஒரே பிளேட்தான் எடுத்தோம்" என்றார். எண் ஏறியதால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா என்று தம்பி முதலில் கேட்டாராம். 00 பக்கத்தைக் காட்டியதும் அடங்கிவிட்டது. பத்துக் கோப்பும் சரியான அளவில் வந்திருந்தன.

அதற்குள் இன்னொன்றும் தெரிய வந்தது. முதல் செட்டின்போது டை செய்பவர் தமக்கு வந்த கோப்பை உறையில்லாமல் தனியாகவே தம் கணினியில் வைத்திருந்தார். அதில் S1 என்றும் 200G என்றும் பெயரிலேயே இருந்ததால், இரண்டு டையில் எது எது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உறையை நம்பாமல் விட்டது நல்லதாயிற்று.

ஆனால் நான் கணக்கில் வைக்காத ஓர் இடத்தில் என் முறை இடறியது. அச்சுக் கோப்பின் ஓரத்தில், வெட்டும் கோட்டுக்கு வெளியே, கோப்பின் பெயரைச் சிறு எழுத்தில் எழுதி வைப்பேன். நான்கு பிளேட்டிலும் பதியும்படி ரெஜிஸ்ட்ரேஷன் நிறத்தில் எழுதுவது வழக்கம். பிளேட்டைக் கையில் எடுத்தவுடன் அது எந்தப் பெட்டியுடையது, எந்தச் செட் என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே C, M, Y, K என்று நான்கு எழுத்து, ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தில் மட்டும் இருக்கும். கறுப்புப் பிளேட்டைப் பார்த்தால் K மட்டும் தெரியும். பிளேட் அளவில் இது மிகவும் உதவியாக இருந்தது.

முதல் தாள் இயந்திரத்திலிருந்து வந்ததும் அண்ணன் ஓரத்தைப் படமெடுத்து அனுப்பினார். "பெட்டியில் எல்லாம் சரி. ஓரத்தில் இருக்கும் எண்தான் எனக்குப் புரியவில்லை. இது இரண்டா, மூன்றா?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். `YKC_S` வரை கூர்மையாக இருந்தது. அதற்கடுத்த இலக்கம் மட்டும் எட்டைப் போலவும் இல்லாமல் மூன்றைப் போலவும் இல்லாமல் கரும்பழுப்பு மொத்தையாக இருந்தது. புரிவதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று. சயான், மெஜந்தா, மஞ்சள் பிளேட்டுகள் S2-இல் எடுத்தவை. அவற்றின் ஓரத்தில் 2 இருக்கிறது. கறுப்பு S3-இல் எடுத்தது. அதன் ஓரத்தில் 3. தாளில் நான்கும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, இரண்டின் மேல் மூன்று ஏறிக்கொண்டது. ஒவ்வொரு பிளேட்டும் தன்னளவில் உண்மையைத்தான் சொல்லியிருந்தது; சேர்ந்து அச்சானதும் எதையும் படிக்க முடியவில்லை.

பெட்டிக்கு இதனால் கெடுதல் இல்லை, ஓரம் எப்படியும் வெட்டுப்பட்டுப் போய்விடும். ஆனால் அச்சாகி அடுக்கி வைத்த தாள்களில் எந்தக் கறுப்பு ஏறியிருக்கிறது என்று ஓரத்தைப் பார்த்துத்தான் இயந்திரம் ஓட்டுபவர் தெரிந்துகொள்வார். அன்று பின்கோடைப் படித்து உறுதிசெய்துகொண்டு இரண்டாயிரம் தாளையும் ஓட்டிவிட்டார்கள். மாறியது விலையாகவோ ஒரு சிறு புள்ளியாகவோ இருந்திருந்தால் அது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

அன்று மாலையே நான்கு பெட்டியின் மூலக் கோப்புகளிலும் ஓரத்தை மாற்றி எழுதினேன். இப்போது ரெஜிஸ்ட்ரேஷன் நிறத்தில் இருப்பது வியாபாரியின் மூன்றெழுத்தும் எடையும் கலவையும் மட்டும். அவை செட்டுக்குச் செட் மாறாதவை. செட் எண் ஒவ்வொரு நிறத்தின் எழுத்துக்குப் பக்கத்திலும் தனித்தனி இடத்தில், அந்தந்த நிறத்திலேயே வருகிறது. மஞ்சள் தாளில் மங்கலாகத் தெரியும் என்பதால் Y-க்கு மட்டும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். அன்று தாளின் ஓரம் இந்த முறையில் இருந்திருந்தால் இப்படித் தெரிந்திருக்கும்:

```
YKC 500G 6040    C S2    M S2    Y S2    K S3
```

இந்த வரியை எழுதிக் காகிதத்தில் அச்சிட்டு, அடுத்த முறை மலையிறங்கிய வண்டியில் அண்ணனுக்கு அனுப்பினேன். பிளேட் எடுக்கும் தம்பி அதை 00 பக்கத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார்.